பதினெட்டைத் தேடாதீர்கள்: பிரித்தானியாவில் கடை நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை முதலாளிமாருக்கு,

வணக்கம். இலண்டனிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் எம்மவர்களின் கடைகளில் பல ஆண்டுகள் டில்லில் நின்றவன் நான். இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு மதுவும் சிகரெட்டும் விற்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம், வயதுக் கட்டுப்பாடுள்ள பொருளை வாங்க வருபவரைப் பற்றி முதலாளி என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “ஆளைப் பார், பதினெட்டு மாதிரி இருந்தால் குடு, இல்லாவிட்டால் ஐடி கேள்.” இந்த ஒரு வரிதான் இந்த மடலை எழுத வைத்தது. கேட்க நியாயமாக இருக்கும் இந்த அறிவுரையைத் துல்லியமாகப் பின்பற்றியே நானும் ஒருமுறை பிடிபட்டேன்.

2014-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. டில்லில் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். என்னைவிட உயரமான ஒரு பொடியன், மெல்லிய மீசையோடு, நான்கு சைடர் கான்களையும் ஒரு சொக்கலேட்டையும் மேசையில் வைத்தான். பத்தொன்பது இருக்கும், இருபதுகூட இருக்கலாம் என்று மனம் சொன்னது. காசை வாங்கினேன். அவன் வெளியே போய் இரண்டு நிமிடம் ஆவதற்குள் இரண்டு அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். அவனுக்கு வயது பதினாறு. டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு தன் மேற்பார்வையில் அனுப்பிய தன்னார்வலன் அவன். எனக்குத் தொண்ணூறு பவுண் தண்டப்பணம் விழுந்தது. அன்றிரவு முதலாளி கேட்டது ஒன்றுதான்: “உனக்குக் கண் தெரியாதோ?”

கண் தெரிந்தது. அதற்குக் கொடுத்த கேள்விதான் பிழையானது. பதினாறு வயதுப் பிள்ளை பத்தொன்பதாகத் தெரிவது ஓர் அபூர்வமல்ல. ஒரு முகத்தைச் சில விநாடி பார்த்து வயதை ஊகிக்கும்போது மூன்று நான்கு ஆண்டுகள் தவறுவது மனிதருக்கு இயல்பு. அதுவும் பதின்ம வயதின் கடைசி ஆண்டுகளில் உயரம், தோள், குரல், மீசை, ஒப்பனை ஆகிய எதுவுமே பிறந்த ஆண்டோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே “இவனுக்குப் பதினெட்டா?” என்று கேட்கும் கடைக்காரர், தன் ஊகம் எங்கே மிகவும் பலவீனமோ சரியாக அந்த இடத்தில் அதை நம்பி நிற்கிறார். சலஞ்ச் 25 என்று நாம் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் விதி இந்தக் கேள்வியையே மாற்றுகிறது. டில்லில் நிற்பவர் கேட்க வேண்டியது “இவருக்கு இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரியுமா?” என்பதுதான். தெரியும் என்றால் விற்கலாம். தெரியாது என்றாலோ, “அப்படித்தான் நினைக்கிறேன்” என்றாலோ, ஐடி கேட்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை இந்த வலையிலிருந்து தப்ப வேண்டுமானால் எட்டு வயது கூடியவராகத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றுபவரும் உண்டு, ஆனால் மிகச் சிலரே. சட்டம் குறிக்கும் வயது பதினெட்டாகவே இருக்கிறது. நடுவிலுள்ள ஏழு ஆண்டுகள் நம் கண்ணின் பிழைக்காக விட்டுவைத்த இடைவெளி.

இருபத்தைந்து என்பது சட்டமா, கடையின் விருப்பமா என்று சிலர் என்னிடம் வாதாடுவதுண்டு. ஸ்கொட்லாந்தில் மதுவுக்கு 2011 ஒக்டோபரிலிருந்து அது சட்டம். புகையிலைக்கும் வேப்புக்கும் 2017-இலிருந்து. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்கும் ஒவ்வொரு கடைக்கும் வயதைச் சரிபார்க்கும் கொள்கை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது 2010-இலிருந்து அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனை. எந்த வயதுக்குக் கீழ்த் தெரிந்தால் ஐடி கேட்பது என்பதைப் பதினெட்டுக்குக் குறையாமல் கடையே தீர்மானிக்கலாம். இதைச் சொன்னவுடன், “அப்படியென்றால் எங்களுக்குக் கட்டாயமில்லை” என்று ஒரு முதலாளி மகிழ்ந்தார். அவருடைய அனுமதிப்பத்திரத்தை வாங்கி இரண்டாம் பின்னிணைப்பைத் திருப்பிக் காட்டினேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த முகவர், கவுன்சிலையும் பொலிஸையும் திருப்திப்படுத்த, சலஞ்ச் 25 நடைமுறைப்படுத்தப்படும், மறுப்புகள் பதியப்படும், வேலையாட்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி கொடுக்கப்படும் என்றெல்லாம் எழுதியிருந்தார். எழுதிக் கொடுத்தது அனைத்தும் நிபந்தனையாகிவிட்டது. அதை மீறி விற்பது தனிக் குற்றம். உங்களில் எத்தனை பேர் உங்கள் அனுமதிப்பத்திரத்தின் இரண்டாம், மூன்றாம் பின்னிணைப்புகளை முழுமையாக வாசித்திருக்கிறீர்கள் என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆவல்.

நிபந்தனை இல்லாத கடைக்கும் அந்த ஏழு ஆண்டுகள் எதற்குப் பயன்படும் என்பதை 2003-ஆம் ஆண்டின் மது அனுமதிச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு காட்டுகிறது. பதினெட்டுக்குக் குறைந்தவருக்கு மது விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், வாங்கியவர் பதினெட்டு நிறைந்தவர் என்று தான் நம்பியதைக் காட்டுவதோடு, இரண்டில் ஒன்றையும் காட்ட வேண்டும். ஒன்று, வயதுக்கான ஆதாரத்தைக் கேட்டேன், காட்டப்பட்ட ஆதாரம் நியாயமான எவரையும் நம்ப வைத்திருக்கும் என்பது. மற்றொன்று, அவருடைய தோற்றத்தைப் பார்த்து எவருமே பதினெட்டுக்குக் குறைவென்று நியாயமாகச் சந்தேகித்திருக்க முடியாது என்பது. இரண்டாவது வழி எவ்வளவு ஒடுக்கமானது என்று எண்ணிப் பாருங்கள். “எனக்குச் சந்தேகம் வரவில்லை” என்பது போதாது, எவருக்கும் வந்திருக்க முடியாது என்று நிறுவ வேண்டும். பத்தொன்பது இருக்கும் என்று நான் நினைத்த அந்தப் பொடியனைப் பார்த்து நீதிமன்றத்தில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திராது. ஐடி கேட்காமல் விற்ற கணத்திலேயே முதல் வழி மூடிவிடுகிறது.

இனி, டில்லில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் பிழை பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. வேலையாள் முதலில் பார்ப்பது பொருளை. ஸ்கேன் செய்கிறார், திரையில் வயதைச் சரிபார்க்கச் சொல்லும் எச்சரிக்கை வருகிறது, அதைத் தட்டிவிட்ட பிறகே முகத்தைப் பார்க்கிறார். அதற்குள் விற்பனை பாதி முடிந்துவிட்டது, பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுகிறார், இனித் திருப்பிக் கேட்பது பெரிய சண்டை போலத் தோன்றுகிறது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர்மாறான வரிசை: வாங்குபவர் வரிசையில் இரண்டாவதாக நிற்கும்போதே முகத்தைப் பாருங்கள், முடிவை அங்கேயே எடுங்கள், போத்தலைத் தொடுவதற்கு முன் ஐடி கேளுங்கள். “எத்தனை வயது?” என்று கேட்கவே வேண்டாம். சோதனைக்கு வரும் தன்னார்வலர்கள் பொதுவாக உண்மை வயதையே சொல்லும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள், மற்றவர்கள் பொய் சொல்வார்கள். எப்படியும் வாயால் சொன்ன வயது சட்டத்தின் முன் ஆதாரம் ஆகாது.

கண்ணை ஏமாற்றுபவற்றுள் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, முன்னால் நின்றவரின் முகம்: ஐம்பது வயதுக்காரர் இருவருக்கு விற்ற உடனே வரும் இளைஞரையும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் போன பிறகு வரும் இளைஞரையும் நாம் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. இரண்டாவது, நாம் பழகாத முகங்கள். தன் இனத்தவரின் முகத்தைக் காட்டிலும் பிற இனத்தவரின் முகத்தில் வயதை ஊகிப்பது எவருக்கும் கடினம், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வளர்ந்து நேற்று வந்து டில்லில் நிற்கும் பிள்ளைக்கு வெள்ளையரும் ஆபிரிக்கரும் கிழக்கு ஐரோப்பியரும் ஒரே நாளில் பழகிவிடுவதில்லை. இதற்கு மருந்து எல்லோரிடமும் ஒரே கோட்டில் கேட்பதே. கறுப்பினப் பிள்ளைகளிடம் மட்டும் ஐடி கேட்டு மற்றவரை விடுவது இனப் பாகுபாடு, அதற்கும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டிவரும். மூன்றாவது, தெரிந்த முகம். நேற்று அண்ணன் டில்லில் நின்றபோது வாங்கினான், போன வாரமும் வாங்கினான், எனவே எப்போதோ யாரோ ஐடி பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைக்க, ஒருவருமே பார்க்காமல் விட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஐடியைத் தன் கண்ணால் பார்த்த வேலையாள்தான் அடுத்த முறை கேட்காமல் விடலாம்.

ஐடி கையில் வந்த பிறகு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த பிழை. கடவுச்சீட்டு, படமுள்ள சாரதி அனுமதிப்பத்திரம், பாஸ் முத்திரையின் ஹொலோகிராம் உள்ள வயது அட்டை ஆகியவை வழக்கமாக ஏற்கப்படுபவை. எதுவானாலும் படமும் பிறந்த தேதியும், ஹொலோகிராமோ புறஊதா ஒளியில் தெரியும் அடையாளமோ இருக்க வேண்டும் என்பதே மதுவுக்கான நிபந்தனை. தொலைபேசியில் எடுத்து வைத்த கடவுச்சீட்டின் படம் இதில் அடங்காது. தற்காலிகச் சாரதிப் பத்திரம் வைத்திருப்பவர் பெரியவர் என்ற நினைப்பும் வேண்டாம், அதற்குப் பதினைந்து வயது ஒன்பது மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம். அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கையில் வாங்க வேண்டும். விளிம்பைத் தடவினால் உரித்து ஒட்டியது தெரியும்.

தேதியைக் கணக்குப் பார்ப்பதில் அவசரத்தில் தவறுபவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு காலையும் கடை திறக்கும்போது, இன்றைய தேதிக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்திய தேதியை ஒரு சிறு தாளில் எழுதி டில்லில் ஒட்டுங்கள். உதாரணமாக 2026 மே 20 அன்று அந்தத் தாளில் 20.05.2008 என்று இருக்கும். அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்தவருக்கு விற்கலாம், ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தாலும் முடியாது. இப்போது அன்று மாலை ஒரு பையன் சாரதி அனுமதிப்பத்திரத்தை நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் எண்ணிட்ட வரியில் 14.09.2006 என்று இருக்கிறது. பத்தொன்பது வயது, கொடுக்கலாம் என்று தோன்றும். ஐந்தாம் எண்ணிட்ட வரியில் உள்ள சாரதி இலக்கத்தைப் பாருங்கள். குடும்பப் பெயரிலிருந்து வரும் முதல் ஐந்து எழுத்திடங்களுக்குப் பிறகு ஆறு இலக்கங்கள் இருக்கும். முதலாவது, பிறந்த ஆண்டின் மூன்றாம் இலக்கம். அடுத்த இரண்டு, மாதம். அதற்கடுத்த இரண்டு, நாள். கடைசியானது, ஆண்டின் இறுதி இலக்கம். 2006 செப்டெம்பர் 14-இல் பிறந்த ஆணுக்கு அது 009146 என்று இருக்க வேண்டும். இவனுடைய அட்டையில் 009148 என்று இருக்கிறது. உண்மையில் பிறந்தது 2008, வயது பதினேழு. பிறந்த தேதியில் எட்டை ஆறாக்கியவனுக்கு இலக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கவில்லை. பெண்களின் இலக்கத்தில் மாதத்தின் முதல் இலக்கத்தோடு ஐந்து கூட்டப்படும், ஆகவே அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 059146 என்று வருவது பிழையல்ல. இது தெரியாமல் நல்ல அட்டையைக் கள்ள அட்டை என்று சொல்லி ஒரு பெண்ணை அழ வைத்த வேலையாளையும் எனக்குத் தெரியும்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. அண்ணனுடைய அசல் அட்டையைத் தம்பி கொண்டுவந்தால் எல்லா இலக்கமும் சரியாகவே இருக்கும். அங்கே படத்தையும் முகத்தையும்தான் ஒப்பிட வேண்டும். தலைமுடியையும் தாடியையும் விட்டுவிட்டுக் காது, மூக்கு, கண்களுக்கு இடையிலுள்ள தூரம் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு அட்டையிலுள்ள வீட்டு முகவரியின் தபால் குறியீட்டைக் கேளுங்கள். ஒரே வீட்டுத் தம்பிக்கு அது தெரிந்துதான் இருக்கும், ஆனால் நண்பனிடம் இரவல் வாங்கியவன் தடுமாறுவான். இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் விற்காமல் விடுவதே வழி. மதுவை ஒருவருக்கு விற்றே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை.

மறுப்பதில் எம்மவருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஐடி கேட்பதை அவமதிப்பாக நினைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், அல்லது கள்ளனைப் பிடித்ததுபோல் அதட்டிக் கேட்பார்கள். இரண்டும் சண்டையில்தான் முடியும். “நீங்கள் இருபத்தைந்துக்குக் குறைவாகத் தெரிகிறீர்கள், அதனால் கேட்கிறேன்; இந்தக் கடையில் எல்லோரிடமும் கேட்போம்” என்று சுவரிலுள்ள அறிவித்தலைக் காட்டிச் சொன்னால், முப்பது வயதுக்காரர் பலர் சிரித்துக்கொண்டே அட்டையை எடுப்பார்கள். ஐடி இல்லாதவரிடம் பொருளைத் தன் பக்கம் எடுத்து வைத்துவிட்டு, “கொண்டு வந்தால் சந்தோஷமாகத் தருவேன்” என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் பேரம் தொடங்கிவிடும். ஐடி இல்லாமல் திரும்பிப் போனவனின் கூட்டாளி அதே நான்கு கான்களைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவனுக்கும் மறுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்காக வாங்குகிறார் என்பது கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரிந்தால் அதுவும் அப்படியே. அவ்வாறு வாங்கிக் கொடுப்பது வாங்குபவர் செய்யும் குற்றம்.

ஒவ்வொரு மறுப்பும் உடனே புத்தகத்தில் ஏற வேண்டும்: தேதி, நேரம், பொருள், ஆளின் தோற்றம், காரணம், மறுத்தவரின் கையெழுத்து. கவுன்சில் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்த இரவில் ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில், மூன்று மாதத்து மறுப்புகளை எழுதி முடித்த புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளும் பார்த்திருக்கிறார்கள், நம்மைவிட அதிகமாகவே. உண்மையாக எழுதிய புத்தகம் முதலாளிக்கு வேறொன்றையும் சொல்லும். வெள்ளி இரவு நிற்கும் இருவரில் ஒருவர் மாதத்துக்குப் பத்து மறுப்பு எழுதி, மற்றவர் ஒன்றும் எழுதவில்லை என்றால், அந்த இரண்டாமவரிடம் பிள்ளைகள் வரிசை கட்டுகிறார்கள் என்று பொருள்.

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கும். பள்ளி விட்டு வந்த பதினாறு வயது மகனையோ மகளையோ டில்லில் நிறுத்திவிட்டுப் பின்னால் பெட்டி இறக்கப் போகிறீர்கள். பதினெட்டுக்குக் குறைந்தவர் மது விற்றால், ஒவ்வொரு விற்பனையையும் பொறுப்பான பெரியவர் ஒருவர் தனித்தனியாக அனுமதிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதை விடுங்கள், தன் வகுப்புத் தோழனிடம் ஐடி கேட்டு மறுக்கும் வலு அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

அதைவிடக் கடினமானது நீங்கள் நேரே செய்வது. ஒரு கடையில் நான் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி, வேப் வாங்க வந்த ஓர் இளைஞனிடம் ஐடி கேட்டு, இல்லை என்றதும் மறுத்தாள். அவன் குரலை உயர்த்தினான். பின்னறையிலிருந்து வந்த முதலாளி, “இவர் எங்கட பழைய கஸ்டமர், குடு தங்கச்சி” என்று சொல்லித் தானே எடுத்துக் கொடுத்தார். அந்த இளைஞனுக்கு உண்மையிலேயே இருபது வயது இருந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அவள் யாரிடமும் ஐடி கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து அதே கடையில் சோதனை விற்பனை நடந்தபோது டில்லில் நின்றது அவள்தான். தண்டம் அவளுக்கு, வேலையும் போனது. முதலாளி, தான் எல்லாப் பயிற்சியும் கொடுத்ததாக அதிகாரியிடம் தாள்களைக் காட்டினார்.

தாள்கள் எப்போதும் காப்பாற்றாது. ஒரே கடையில் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை பதினெட்டுக்குக் குறைந்தவருக்கு மது விற்கப்பட்டால், விற்றவர்கள் வெவ்வேறு வேலையாட்களாக இருந்தாலும் குற்றம் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் மேல் வரும். அதற்கான தண்டப்பணத்துக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உச்சவரம்பு இல்லை. வழக்குக்குப் பதிலாக மது விற்பனையை 48 மணித்தியாலம் முதல் 336 மணித்தியாலம் வரை நிறுத்தும் அறிவித்தலும் கொடுக்கப்படலாம். பதினான்கு நாள் மதுத் தட்டை மூடி வைத்த கடைக்கு, அன்று “பழைய கஸ்டமரிடம்” கிடைத்த சில பவுண் எந்த மூலைக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆகவே உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். யூலையில் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு வேலையாளுக்கும் உங்கள் கையெழுத்தோடு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: இருபத்தைந்து நிறைந்தவர் என்று உறுதியில்லாத எவரிடமும் ஐடி கேட்டு, அது திருப்தியில்லாதபோது மறுக்கும் முடிவு டில்லில் நிற்பவருடையது, அந்த மறுப்பை நானோ என் குடும்பத்தினரோ கடையில் எவரும் மாற்றமாட்டோம். அந்தத் தாளைச் சிகரெட் அலமாரிக்குப் பக்கத்தில், உங்கள் கண்ணுக்கும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
டில்லில் நின்ற உங்கள் வேலையாட்களில் ஒருவன்